நைட்ரஜனின் ஈரல் யாத்திரை



ருஷ்ய தேசத்துப் பீட்டர்ஸ்பர்க் நகரில் 1890களின் தொடக்கத்தில் சில நாய்களுக்கு நேர்ந்த கதியைச் சொல்லி இன்றைய விஷயத்தைத் தொடங்க விரும்புகிறேன். நாம் உண்ணும் உணவின் சாரத்தைக் குடலிலிருந்து சேகரித்துக்கொண்டு வரும் ரத்தம், நேராக இருதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை என்னும் பெரிய குழாயின் வழியே முதலில் ஈரலுக்குள் புகுந்து, அங்கே கிளை கிளையாகப் பிரிந்து, ஈரலின் ஒவ்வோர் அணுவையும் தொட்டுவிட்டுத்தான் வெளியேறுகிறது. எக் என்ற ருஷ்ய வைத்தியர் 1877இல், இந்தச் சிரையைக் கீழ்ப் பெருஞ்சிரையோடு இணைத்துத் தைத்து, குடலின் ரத்தம் ஈரலைத் தொடாமலே பொது ஓட்டத்தில் கலந்துவிடும்படி ஒரு குறுக்கு வழியை நாய்களில் அமைத்துக் காட்டியிருந்தார். பிற்காலத்தில் ஜீரண ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெறப்போகிற பாவ்லோவும், நென்ஸ்கி முதலிய அவருடைய சகாக்களும் அதே சிகிச்சையை மேற்கொண்டு, பிழைத்த நாய்களைக் கவனித்து வந்தார்கள். அவற்றுக்கு மாமிசம் போட்டபோதுதான் விபரீதம் நேர்ந்தது. சாதுவாக இருந்த நாய் எரிந்து விழுந்தது, தள்ளாடி நடந்தது, பிறகு வலிப்புக் கண்டு, நினைவு தப்பி விழுந்தது. நாய் ஜாதிக்கே உரிய உணவு, ஈரல் என்னும் சுங்கச்சாவடியைத் தாண்டாமல் வந்த ஒரே காரணத்தால் விஷமாகிவிட்டது.

அந்த விஷம் இன்னதென்று அறிவதற்கு நாம் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். புரதத்தில் நூற்றுக்குப் பதினாறு பங்கு நைட்ரஜன். நாளொன்றுக்கு 70 கிராம் புரதம் உண்டு, எடை ஏறாமலும் இறங்காமலும் இருக்கும் ஒரு மனிதருடைய உடலுக்குள் ஏறத்தாழ 11 கிராம் நைட்ரஜன் நுழைகிறது. அவ்வளவும் அன்றாடம் வெளியேறியும் ஆக வேண்டும். ஏனென்றால், மாவைக் கிளைகோஜனாகவும் எஞ்சியதைக் கொழுப்பாகவும் சேமித்துக்கொள்ளத் தெரிந்த நம் சரீரத்துக்கு, புரதத்தைச் சேமித்து வைக்க ஒரு களஞ்சியம் கிடையாது. தேவைக்கு மிஞ்சிய அமினோ அமிலத்தின் கார்பன் எலும்புக்கூட்டை எரித்துச் சக்தியாக்கிக்கொள்ளலாம். அதன் தலையில் குடுமிபோல் நிற்கும் அமினோ தொகுதி மட்டும் எரிவதில்லை. அதைக் கழற்றி அப்படியே விட்டால் அம்மோனியா. ஈயம் பூசுகிறவர் நவச்சாரத்தைச் சூடான பாத்திரத்தில் தூவும்போது மூக்கைத் துளைத்துக்கொண்டு ஒரு நெடி எழுமே, அந்த நெடியில் இருப்பது அதே வாயுதான்.

மேற்சொன்ன 11 கிராம் நைட்ரஜனையும் அம்மோனியாவாகக் கணக்கிட்டால் 13 கிராமுக்கு மேல் வரும். ஆனால் ஆரோக்கியமான ஒருவருடைய பொது ரத்த ஓட்டத்தில், ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அம்மோனியாகூட இருப்பதில்லை. உடம்பின் ரத்தம் முழுவதையும் சேர்த்தாலும் எந்தக் கணத்திலும் 5 மில்லிகிராம் தேறாது. தினந்தோறும் 13 கிராம் கடந்துபோகும் வழியில், ஒரு கணத்தில் 5 மில்லிகிராம்கூட இல்லை என்றால், அந்தச் சரக்கு அந்த ரூபத்தில் பிரயாணம் செய்யவில்லை என்பதே பொருள். நைட்ரஜன் தசையிலிருந்து ஈரல் வரையில் ஏதேனும் ஒன்றின் தோளில் ஏறியே வருகிறது. இறங்க வேண்டிய இடம் வரும்வரை தரையில் கால் வைப்பதில்லை. இந்தச் சுமைகூலி ஏற்பாட்டைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

ஒரே ஓர் அமினோ தொகுதியைப் பின்தொடர்வோம். இரவு உணவு உண்டு பத்து மணி நேரம் ஆகிவிட்டது. காலைப் பலகாரம் இன்னும் ஆகவில்லை. தொடைத் தசையில் தேய்ந்துபோன புரதம் ஒன்று உடைந்து, அதிலிருந்து லூசின் என்ற அமினோ அமிலம் விடுபடுகிறது. தசை அதை எரிபொருளாக்க விரும்புகிறது. குடுமியை எடுத்தாக வேண்டும். அந்த வேலைக்கென்று இருக்கும் நொதி, அமினோ தொகுதியை வெட்டி எறிவதில்லை. லூசினிடமிருந்து வாங்கித் தன்னிடத்திலேயே ஒரு கணம் வைத்துக்கொண்டு, அருகில் வரும் கீட்டோகுளூட்டரேட் என்னும் பதார்த்தத்தின் தலையில் வைத்துவிடுகிறது. வாங்கிய கை, கொடுக்கும் வரையில் மூடியே இருக்கிறது. அந்தக் கை எது என்று கேட்பீர்களானால், நமக்குப் பழக்கமான ஆறாம் பி வைட்டமினின் ஒரு ரூபந்தான். இந்தப் பரிவர்த்தனையை மாஸ்கோவில் பிரவுன்ஸ்டைன் என்பவரும் கிரிட்ஸ்மன் என்ற அம்மையாரும் 1937இல் கண்டு வெளியிட்டார்கள். எந்த அமினோ அமிலத்திலிருந்து கழன்றாலும் பெரும்பாலும் குடுமி வந்து சேருமிடம் ஒன்றே: கீட்டோகுளூட்டரேட் அதைப் பெற்றுக்கொண்டு குளூட்டமேட் ஆகிறது. பல ஊர்ச் சரக்கும் ஒரு சந்தையில் வந்து குவிவதுபோல், பலவகை அமினோ அமிலங்களின் நைட்ரஜன் குளூட்டமேட்டில் வந்து குவிகிறது.

ஆனால் குளூட்டமேட்டே நேராக ரத்தத்தில் இறங்கி ஈரலுக்குப் போய்விடுவதில்லை. அது மின்னேற்றம் மிகுந்த பொருள். அணுவின் சவ்வைத் தாண்டுவது அதற்கு எளிதன்று. மேலும் மூளையில் நரம்புக்கு நரம்பு செய்தி சொல்லும் பதார்த்தமும் அதுவே ஆகையால், ரத்தத்தில் அது தாராளமாக நடமாடுவது விரும்பத்தக்கதும் அன்று. ஆகவே தசை இரண்டு வண்டிகளை வைத்திருக்கிறது. முதல் வண்டி அலனின். சர்க்கரை பாதி எரிந்த நிலையில் தசையில் எப்போதும் கிடைக்கும் பைருவேட்டின் தலைக்குக் குளூட்டமேட் தன் குடுமியை மாற்றிவிட்டால் அலனின் பிறக்கிறது; அது ரத்தத்தில் எளிதாக மிதந்து ஈரலை அடைகிறது. இரண்டாவது வண்டி குளூட்டமின். ஏற்கெனவே ஒரு நைட்ரஜனைச் சுமக்கும் குளூட்டமேட்டின்மீதே இன்னொரு அம்மோனியாவையும் ஏற்றி, ஓர் ஏ.டி.பி.யைச் செலவிட்டு முடிபோட்டால் குளூட்டமின். இரட்டைப் பாரம் ஏற்றினாலும் மின்னேற்றம் தணிந்த, சாதுவான பொருள் அது. நம் ரத்தத்தில் மற்ற எந்த அமினோ அமிலத்தையும்விட மிகுதியாக இருப்பதும் அதுதான். பட்டினி வேளையில் தசையிலிருந்து வெளியேறும் அமினோ அமிலங்களில் பாதிக்குமேல் இந்த இரண்டே. தசைப் புரதத்தில் இவ்விரண்டின் பங்கு அவ்வளவு பெரிதன்று. ஆகவே அவை உடைந்து வந்தவை அல்ல, வண்டிக்காகவே புதிதாகச் செய்யப்பட்டவை என்று இதிலிருந்து தெரிகிறது.

அலனின் வண்டியில் ஒரு சிக்கனம் உண்டு. ஈரலில் சரக்கை இறக்கியபின் எஞ்சுவது மீண்டும் பைருவேட். ஈரல் அதைக் குளூக்கோஸாகத் திருப்பிக் கட்டி ரத்தத்தில் விடுகிறது. அந்தக் குளூக்கோஸ் தசைக்குப் போய் எரிந்து மறுபடியும் பைருவேட் ஆகிறது. போகும்போது ஒரு பாரமும் வரும்போது ஒரு பாரமுமாக, வெறும் வண்டி ஓடுவதே இல்லை. குளூட்டமின் வண்டியோ பெரும்பகுதி நேராக ஈரலுக்கு வருவதில்லை. வழியில் குடலில் இறங்குகிறது. சிறுகுடலின் உள்வரி அணுக்கள் குளூட்டமினையே தமக்கு முக்கிய எரிபொருளாக வைத்துக்கொண்டு, அதன் நைட்ரஜனை அம்மோனியாவாகவும் அலனினாகவும் போர்ட்டல் சிரையில் விடுகின்றன. பெருங்குடலின் கிருமிகள் தம் பங்குக்கு யூரியாவை உடைத்து இன்னும் அம்மோனியாவைச் சேர்க்கின்றன. போர்ட்டல் சிரையில் மட்டும் அம்மோனியா மற்ற இடத்தைவிடப் பல மடங்கு இருப்பதற்கு இதுவே காரணம். அது அபாயமில்லை, அடுத்த நிலையம் ஈரலாக இருக்கும் வரையில். பாவ்லோவின் நாய்களுக்கு அந்த நிலையம் இல்லாமற் போயிற்று.

இங்கே ஓர் உபகதை. நம்மில் பலர் ஈரல் பரிசோதனைச் சீட்டை வாங்கிப் பார்த்து, எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்ற இரண்டு எண்களைக் கண்டு கலங்கியிருப்போம். முன்னது அலனின் வண்டியிலிருந்து குடுமியை இறக்கிக் கீட்டோகுளூட்டரேட்டில் வைக்கும் நொதி. பின்னது குளூட்டமேட்டிலிருந்து எடுத்து அஸ்பார்டேட் என்ற இன்னோர் அமினோ அமிலத்தைச் செய்யும் நொதி. இரண்டும் ஈரல் அணுவுக்குள் வேலை செய்ய வேண்டியவை. அணு நோயுற்றுக் கசியும்போது ரத்தத்தில் கலந்து எண்ணிக்கையைக் கூட்டுகின்றன. ஆகவே அந்தச் சீட்டு ஈரலின் சேதத்தைச் சொல்கிறதேயன்றி, ஈரல் நைட்ரஜனை எவ்வளவு நன்றாக அகற்றுகிறது என்பதைச் சொல்வதில்லை. இந்தப் பேதம் தெரியாமல் பயந்தவர்களும் உண்டு, தைரியமாக இருந்துவிட்டவர்களும் உண்டு.

ஈரலுக்குள் வந்துசேர்ந்த நைட்ரஜன் யூரியா ஆகிறது என்பது வெகுகாலமாகத் தெரிந்ததே. எப்படி ஆகிறது என்பதுதான் தெரியவில்லை. இரண்டு அம்மோனியாவும் ஒரு கரியமில வாயுவும் சேர்ந்து, நீர் நீங்கினால் யூரியா என்று காகிதத்தில் எழுதிவிடலாம். ஆனால் ஈரல் அப்படி நேராகச் செய்கிறதா? இந்தக் கேள்வியை 1931இல் எடுத்துக்கொண்டவர் ஹான்ஸ் கிரெப்ஸ் என்ற இளம் ஜெர்மானிய வைத்தியர். பெர்லினில் வார்பர்க் என்ற மேதையிடம் பயின்று, உயிருள்ள திசுவைக் கத்தியால் மெல்லிய சீவலாகச் சீவி, பிராணவாயு அதன் நடுவரை ஊடுருவும்படி உப்புநீரில் மிதக்கவிட்டு, அது வாங்கும் வாயுவையும் விடும் வாயுவையும் அளக்கும் வித்தையைக் கற்றவர். ஃப்ரைபர்க் நகரத்து ஆஸ்பத்திரியில், குர்ட் ஹென்ஸலைட் என்ற வைத்திய மாணவரைத் துணையாகக் கொண்டு, எலியின் ஈரல் சீவல்களை எடுத்துக்கொண்டு, அம்மோனியாவோடு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதார்த்தத்தைச் சேர்த்து, எவ்வளவு யூரியா பிறக்கிறது என்று அளந்துகொண்டே வந்தார். யூரியாவை உடைக்கும் நொதி ஒன்று அவரை வகைப் பயறுகளில் கிடைக்கிறது. அதைச் சேர்த்து, எழும் கரியமில வாயுவை அளந்தால் யூரியாவின் அளவு தெரிந்துவிடும். திட்டமிட்ட சித்தாந்தம் ஒன்றும் அவர்கள் கையில் இல்லை. ஏறக்குறைய எல்லாப் பதார்த்தங்களும் ஏமாற்றின. ஆர்னிதின் என்ற அமினோ அமிலத்தை அம்மோனியாவுடன் சேர்த்த நாளில்தான் யூரியா திடீரென்று பெருகிற்று.

ஆர்னிதின் அப்போது யாரும் பொருட்படுத்தாத பதார்த்தம். புரதத்தில் அது இல்லை. 1877இல் யாஃபே என்பவர் கோழிகளுக்குப் பென்ஸாயிக் அமிலத்தைத் தின்னக் கொடுத்து, அவற்றின் எச்சத்திலிருந்து பிரித்தெடுத்தது. பறவையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் பெயர் பெற்றது. எலியின் ஈரலுக்கும் கோழியின் எச்சத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டிருக்கலாம். கிரெப்ஸ் முதலில் எண்ணியது எளிதான விளக்கந்தான்: ஆர்னிதினிலும் நைட்ரஜன் இருக்கிறது, அது உடைந்து யூரியாவுக்குத் தன் நைட்ரஜனைத் தந்திருக்கலாம். அவரை மேலே கொண்டுசென்றது ஒரு சாதாரண எச்சரிக்கை. ஆர்னிதினின் அளவைக் குறைத்துக்கொண்டே போய்ப் பார்த்தார். மிகச் சொற்பமாகச் சேர்த்தபோதும் யூரியா பெருகிற்று. பிறந்த யூரியாவின் நைட்ரஜன் சேர்த்த ஆர்னிதினின் நைட்ரஜனைப் பன்மடங்கு மிஞ்சிற்று. கடைசியில் அளந்து பார்த்தால் ஆர்னிதின் செலவாகவுமில்லை. தயிருக்குப் பிரை ஊற்றுவது போன்ற காரியம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் பிரை தானே பெருகிவிடும், ஆர்னிதின் பெருகுவதுமில்லை, குறைவதுமில்லை.

செலவாகாமல் உதவுகிற ஒன்று, இடையில் உருமாறி மீண்டும் தன் ரூபத்தை அடைந்திருக்க வேண்டும் என்று கிரெப்ஸ் ஊகித்தார். அங்கே 1904ஆம் ஆண்டின் ஒரு பழைய கண்டுபிடிப்பு அவருக்குக் கைகொடுத்தது. கோஸெல், டேக்கின் என்ற இருவர் ஈரலில் ஆர்ஜினேஸ் என்னும் நொதியைக் கண்டிருந்தார்கள். அது ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை உடைத்து யூரியாவையும் ஆர்னிதினையும் தருகிறது. யூரியாவைக் கழிவாக வெளியேற்றும் பிராணிகளின் ஈரலில் அந்த நொதி ஏராளம். யூரிக் அமிலத்தை வெளியேற்றும் பறவைகளின் ஈரலில் அது இல்லை. ஆகவே ஆர்னிதின் இரண்டு நைட்ரஜனையும் ஒரு கார்பனையும் ஏற்று ஆர்ஜினினாகிறது, ஆர்ஜினின் யூரியாவைத் துறந்து மறுபடி ஆர்னிதினாகிறது. நடுவில் ஒரு படி இருந்தாக வேண்டுமே என்று தேடியபோது, 1930இல் ஜப்பானியரான வாடா தர்பூசணிப் பழத்திலிருந்து கிடைத்த சிட்ருலினின் அமைப்பை விவரித்திருந்தது கண்ணில் பட்டது. சீவல்களில் சேர்த்துப் பார்த்தபோது அதுவும் யூரியாவைப் பெருக்கிற்று. கோழியின் எச்சம், தர்பூசணி, எலியின் ஈரல் ஆகிய மூன்றும் ஒரு வட்டத்தில் வந்து சேர்ந்தன. 1932இல் வெளியான அந்தச் சக்கரந்தான் ஜீவ ரஸாயனத்தில் அறியப்பட்ட முதல் சக்கரம். மறு வருஷமே, யூதர் என்ற காரணத்துக்காகக் கிரெப்ஸின் உத்தியோகம் பறிக்கப்பட்டது. அவர் இங்கிலாந்துக்குப் போனார். அங்கே அவர் கண்ட இன்னொரு சக்கரத்துக்கு 1953இல் நோபல் பரிசு கிடைத்தது. என் சொந்த அபிப்பிராயம், அந்தப் பரிசுக்கு இந்த முதல் சக்கரமே போதுமானதாக இருந்திருக்கும்.

இன்று அறிந்துள்ளபடி அந்தச் சக்கரத்தைச் சொல்கிறேன். ஈரல் அணுவின் உள்ளே சக்தி பிறக்கும் அறைகளான மைட்டோகாண்ட்ரியாவில் முதற்காரியம் நடக்கிறது. அலனின் வண்டியில் வந்து குளூட்டமேட்டில் ஏறிய நைட்ரஜன் இங்கேதான் முதன்முதலாக அம்மோனியாவாகத் தரையில் கால் வைக்கிறது. வைத்த மாத்திரத்தில் ஒரு நொதி அதைப் பற்றிக்கொண்டு, பைகார்பனேட்டோடு கூட்டி, இரண்டு ஏ.டி.பி.யைச் செலவிட்டுக் கார்பமைல் பாஸ்பேட் ஆக்கிவிடுகிறது. அங்கே கரைந்துள்ள புரதங்கள் எல்லாவற்றிலும் மிகுதியாக இருப்பவற்றுள் இந்த நொதி ஒன்று என்பதிலிருந்தே, இந்தக் காவலுக்கு ஈரல் எவ்வளவு ஆளை வைத்திருக்கிறது என்பது புலப்படும். கார்பமைல் பாஸ்பேட் ஆர்னிதினோடு சேர்ந்து சிட்ருலின் ஆகிறது. சிட்ருலின் அறையை விட்டு வெளியே வருகிறது. வெளியே காத்திருக்கிறது அஸ்பார்டேட், இரண்டாவது நைட்ரஜனைத் தலையில் வைத்துக்கொண்டு. இந்த நைட்ரஜன் அம்மோனியாவாக மாறாமலே கைமாறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டும் ஏ.டி.பி.யின் தயவால் இணைகின்றன. இணைந்தது பிளக்கும்போது ஆர்ஜினின் ஒருபுறமும், அஸ்பார்டேட்டின் எலும்புக்கூடான ஃபியூமரேட் ஒருபுறமும் பிரிகின்றன. ஆர்ஜினேஸ் ஆர்ஜினினை உடைக்கிறது. யூரியா ரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்துக்குப் போகிறது. ஆர்னிதின் அடுத்த சுமைக்காக மைட்டோகாண்ட்ரியாவுக்குள் திரும்புகிறது. யூரியா ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 15 முதல் 40 மில்லிகிராம் வரை இருந்தாலும் நமக்கு ஒன்றும் செய்வதில்லை. அம்மோனியா அதில் நூற்றில் ஒரு பங்கு இருந்தாலும் இயல்புக்கு மேற்பட்டதாகிவிடும்.

ஈரலில் இன்னொரு காவலும் உண்டு. அதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. ரத்தம் ஈரலின் ஒவ்வொரு சிறு கண்டத்திலும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஓடுகிறது. ஓரத்து அணுக்கள் யூரியா செய்கின்றன. அவற்றின் பிடிக்குத் தப்பிய சொற்ப அம்மோனியா, நடுச்சிரைக்குள் விழுவதற்கு முன்னால் கடைசியாக ஓரிரு அணுக்கள் கனமேயுள்ள ஒரு வளையத்தைத் தாண்ட வேண்டும். அந்த வளையத்து அணுக்கள் யூரியா செய்வதில்லை. தப்பி வந்த அம்மோனியாவைப் பிடித்துக் குளூட்டமினாகக் கட்டி அனுப்புகின்றன. ஈரல் சுருங்கி இறுகும் நோயில், குடல் ரத்தம் தானே சுற்று வழிகளை உண்டாக்கிக்கொண்டு இவ்விரண்டு காவலையும் தவிர்த்துப் போய்விடுகிறது. எக் செய்த தையலை நோய் செய்துவிடுகிறது. அப்போது மூளையின் துணை அணுக்கள் அம்மோனியாவைக் குளூட்டமினாகக் கட்டிக்கட்டி, அந்தப் பாரத்தால் நீர் ஊறி வீங்குகின்றன. பகலில் உறங்குவதும், கையெழுத்துக் கோணுவதும், நீட்டிய கை கொடிபோலத் துடித்து விழுவதும் அதன் முதல் அடையாளங்கள்.

இனி, சக்கரத்தின் ஆரக்கால் ஒன்று பிறவியிலேயே ஒடிந்திருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். வைத்திய சாஸ்திரத்தில் பலமுறை கண்ட வகையை ஒரே குழந்தையின் கதையாகச் சொல்கிறேன். மாதம் நிறைந்து, மூன்று கிலோ எடையோடு ஆண் குழந்தை பிறக்கிறது. கார்பமைல் பாஸ்பேட்டை ஆர்னிதினோடு சேர்க்கும் நொதி அதற்கு இல்லை. ஆயினும் பிறக்கும்போது ஒரு குறையும் தெரியாது. கர்ப்பத்தில் இருந்தவரை அதன் அம்மோனியாவை நஞ்சுக்கொடி வழியே தாய் வாங்கித் தன் ஈரலில் யூரியாவாக்கி வந்தாள். முதல் நாள் நன்றாகப் பால் குடிக்கிறது. இரண்டாம் நாள் மந்தமாகிறது, மார்பில் வைத்தால் உறங்கிப்போகிறது, வாந்தி எடுக்கிறது, மூச்சு வேகமாகிறது. ரத்தத்தில் கிருமி புகுந்துவிட்டதென்று எண்ணி மருந்து தொடங்குவார்கள்; அது குற்றமுமில்லை, ஏனென்றால் பெரும்பாலும் காரணம் அதுவே. ஆனால் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. கிருமி நோயில் தளர்ந்த சிசுவின் ரத்தம் பொதுவாக அமிலப் பக்கம் சாயும். அம்மோனியாவோ சுவாச மையத்தைத் தூண்டி, கரியமில வாயுவை அளவுக்கு மேல் ஊதி வெளியேற்றச் செய்வதால், இந்தக் குழந்தையின் ரத்தம் காரப் பக்கம் சாய்கிறது. அதைக் கண்டும் அம்மோனியாவை அளக்காமல் விடுவதுதான் குற்றம்.

அளப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்து உடனே ஆய்வுக்கூடத்துக்கு ஓட வேண்டும். மேஜையின்மேல் கால்மணி அரைமணி கிடந்தால், குழாய்க்குள்ளேயே குளூட்டமினும் பிறவும் சிதைந்து அம்மோனியா பிறந்து, இல்லாத நோயைச் சொல்லும். சரியாக அளந்து, லிட்டருக்கு 100 மைக்ரோமோலுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 900 என்று வந்தால் ஐயமில்லை. யூரியாவோ மிகக் குறைவு. எந்த ஆரக்கால் ஒடிந்தது என்பதையும் இரண்டு பரீட்சைகள் சொல்லிவிடும். சிட்ருலின் ஏறக்குறைய இல்லை என்றால் தடை சிட்ருலினுக்கு முன்னே. மிக ஏராளமென்றால் பின்னே. முன்னே என்றால், சிறுநீரில் ஓரோடிக் அமிலத்தைப் பார்க்க வேண்டும். சேர ஆர்னிதின் இருந்தும் சேர்த்துவைக்க நொதியில்லாத கார்பமைல் பாஸ்பேட் மைட்டோகாண்ட்ரியாவை விட்டு வழிந்து, வேறொரு காரியத்துக்கான பாதையில் புகுந்து, அங்கே ஓரோடிக் அமிலமாகக் குவிகிறது. நம் குழந்தையின் சிறுநீரில் அது மிகுதி. கார்பமைல் பாஸ்பேட்டே பிறக்காத நோயில் அது பெருகுவதில்லை.

சிகிச்சை மணிக்கணக்கில் நடக்க வேண்டியது. மூளை எத்தனை மணி நேரம் அம்மோனியாவில் ஊறிற்று என்பதே பிற்பாட்டைத் தீர்மானிக்கிறது. புரதத்தை நிறுத்த வேண்டும், ஆனால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்கு மேல் போனால் பட்டினியில் சொந்தத் தசையே உடைந்து அம்மோனியாவாகும். அந்த உடைவைத் தடுக்கவே குளூக்கோஸைச் சிரையில் தாராளமாகச் செலுத்துகிறார்கள். சேர்ந்துவிட்டதை நீக்க, ரத்தத்தைச் செயற்கைச் சிறுநீரகத்தின் வழியே ஓட விடுகிறார்கள். ஆர்ஜினினையும் கொடுக்கிறார்கள், சக்கரம் சுழலாததால் அதை உடல் போதிய அளவு செய்துகொள்ள முடியாது. இவற்றோடு, யாஃபேயின் கோழிகளை ஞாபகப்படுத்தும் மருந்து ஒன்று வருகிறது: சோடியம் பென்ஸோவேட், ஊறுகாய் கெடாமலிருக்கப் போடுவோமே, அதேதான். பறவை பென்ஸாயிக் அமிலத்தை ஆர்னிதினோடு கட்டி வெளியேற்றுகிறது. மனிதன் கிளைசின் என்ற அமினோ அமிலத்தோடு கட்டிச் சிறுநீரில் விடுகிறான். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நைட்ரஜன் போகிறது. ஃபீனைல் அசிடேட் என்ற இன்னொரு மருந்து குளூட்டமினையே கட்டிக்கொண்டு போவதால் இரண்டிரண்டாக வெளியேற்றுகிறது. தலைவாசல் மூடிவிட்ட வீட்டில், கொல்லைப்புற வாயிலைத் திறப்பது போன்ற உபாயம் இது.

அந்த வாயில் எவ்வளவு குறுகலானது என்பதையும் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். கிலோ ஒன்றுக்கு 250 மில்லிகிராம் வீதம் பென்ஸோவேட் கொடுத்தால், மூன்று கிலோக் குழந்தைக்கு 750 மில்லிகிராம். அதன் ஒவ்வொரு மூலக்கூறும் தவறாமல் தன் வேலையைச் செய்ததாக வைத்துக்கொண்டாலும், வெளியேறும் நைட்ரஜன் 73 மில்லிகிராம். அரை கிராம் புரதத்தில் உள்ள நைட்ரஜன்கூட இல்லை. அதே அளவு ஃபீனைல் அசிடேட் ஏறக்குறைய அதன் இருமடங்கு செய்யும். இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு ஒன்றேகால் கிராம் புரதத்துக்கு ஈடு. ஆகவே அந்தக் குழந்தை பிழைத்து எழுந்தபின், அதன் பாலைக் கிராம் கணக்கில் நிறுத்தே கொடுக்கிறார்கள். வளர்ச்சிக்கு வேண்டியதற்கு மேல் ஒரு துளியும் மிஞ்சக் கூடாது, வளர்ச்சிக்கு ஒரு துளியும் குறையவும் கூடாது. ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்து இரண்டு வேளை சாப்பிடாவிட்டால், தசை உடைந்து, மறுபடியும் அதே மந்தம், அதே வாந்தி.

அந்தக் குழந்தைக்கு இல்லாத நொதிக்குரிய மரபுக் குறிப்பு எக்ஸ் என்னும் நிறப்புரியில் இருப்பதால், ஒற்றை எக்ஸ் உடைய ஆண் குழந்தையே முழு வேகத்தில் வீழ்கிறது. தாய்க்கு இரண்டு எக்ஸ். ஈரலின் சில அணுக்களில் நல்லதும் சில அணுக்களில் பழுதானதும் வேலை செய்யும். அவளை உட்கார்த்தி விசாரித்தால், சிறு வயதிலிருந்தே பருப்பையும் மாமிசத்தையும் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கி வந்தவள் என்றும், சாப்பிட்டால் தலை நோகும் என்றும், அவளுடைய தாய்க்கு ஆண் குழந்தைகள் தங்கவில்லை என்றும் தெரியவருவதுண்டு. அடம் என்று வீட்டார் வைத பழக்கம், உடம்பு தானே கண்டுகொண்ட பத்தியம்.

நிலையான பரிகாரம் ஈரல் மாற்றமே. குழந்தைக்கு முழு ஈரல் வேண்டியதில்லை. பெரியவர் ஒருவருடைய ஈரலின் இடப்பக்கத்துச் சிறு பகுதி போதும், அது வளர்ந்துகொள்ளும். ஒன்பது மாதம் தன் ஈரலைக் கொண்டு இந்தப் பிள்ளையைக் காத்த தாயிடம் கேட்கத்தான் முதலில் தோன்றும். ஆனால் அவள் ஈரலில் பழுதான அணுக்கள் எங்கே எவ்வளவு என்று சொல்ல முடியாததால், ரத்த வகை ஒத்துவந்தால் தகப்பனாரையே வைத்தியர்கள் நாடுகிறார்கள். ஒட்டிய ஈரலில் ரத்தம் பாய்ந்ததும் அம்மோனியா இறங்கிவிடுகிறது, யூரியா ஏறுகிறது, மருந்தும் நிறுவையும் நின்று, குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலப் பருப்புச் சாதம் உண்கிறது. ஆனால் அப்போது ரத்தத்தில் சிட்ருலினை அளந்தால், பழையபடி குறைவாகவே இருக்கும். புதிதாய்ப் பார்க்கும் வைத்தியர் திடுக்கிட்டு, மாற்றம் பலிக்கவில்லையோ என்று நினைப்பார். ஈரல் தான் செய்யும் சிட்ருலினைத் தன் சக்கரத்துக்குள்ளேயே செலவிட்டுக்கொள்கிறது, ரத்தத்தில் விடுவதில்லை. ரத்தத்தில் நாம் அளக்கும் சிட்ருலின் சிறுகுடல் செய்து அனுப்புவது. ஈரல் தகப்பனாருடையதாகிவிட்டது, குடல் இன்னும் பிள்ளை பிறந்தபோது இருந்த குடல்தான்.